மீசை வைத்த ஆட்டின் ராஜா

அப்போது நான் தாம்பரத்தில் ஒரு பெண்கள் பள்ளியில் டிராயிங் டீச்சர். எழுபதுகளின் தொடக்கம். எங்கள் காலனி சங்கத்துக்கு ஆண்டுவிழா வந்தது. செக்ரட்டரி சார் ரிட்டயரான தலைமையாசிரியர். எதையும் இரண்டு முறை கேட்கமாட்டார், ஒரு முறைகூடக் கேட்கமாட்டார் என்றுதான் சொல்ல வேண்டும். அவருக்குத் திடீரென்று ஒரு யோசனை.

"சீட்டுக்கட்டு ராஜா, ராணி, ஜாக்கியா எட்டுப் பேர் வேஷம் கட்டி மேடையில நடக்கணும். எழுத்து இருக்கக் கூடாது, ஆட்டின், டைமன்னு எந்தக் குறியும் இருக்கக் கூடாது. கையில இருக்கறதையும் முகத்தையும் பார்த்தே ஜனங்க இது எந்தச் சீட்டுன்னு எழுதணும். டிரஸ் எல்லாம் நீ பண்ணிடும்மா."

நல்ல யோசனைதான். அதைக் கெடுக்க அவரே போதும் என்று அன்று எனக்குத் தெரியவில்லை.

ஒரு கட்டு வாங்கிப் பன்னிரண்டு படங்களையும் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன். தினமும் கையில் வைத்து ஆடுகிறவர்கள்கூட மூலையில் உள்ள எழுத்தைத்தான் பார்க்கிறார்கள், ஆளைப் பார்ப்பதில்லை. டைமன் ராஜா மட்டும்தான் பக்கவாட்டில் திரும்பி நிற்பார், ஒரு கண்தான் தெரியும். அவருக்கு ஆயுதம் வாள் அல்ல, கோடரி. ஆட்டின் ராஜா, அதாவது சிவப்பு இதயக் குறி போட்ட ராஜா, வாளைத் தலைக்குப் பின்னால் பிடித்திருப்பார், தன்னையே குத்திக்கொள்வது போல. நான்கு ராஜாக்களில் மீசை இல்லாதவர் அவர் ஒருவர்தான். நான்கு ராணிகளும் பூ வைத்திருப்பார்கள். இஸ்பேட் ராணிக்கு மட்டும் கூடவே ஒரு செங்கோல். ஆட்டின் ஜாக்கியும் இஸ்பேட் ஜாக்கியும் ஒற்றைக் கண்ணர்கள். ஆட்டின் ஜாக்கி கையில் ஓர் இலை.

அதோடு நிற்கவில்லை. இரண்டாம் தெருவில் பாண்டிச்சேரியிலிருந்து வந்த ஒரு அக்கா இருந்தார். அவர் அண்ணன் பிரான்ஸிலிருந்து கொண்டுவந்த டாரோ என்ற பழைய படச் சீட்டுக்கட்டு ஒன்று அவரிடம் இருந்தது. எட்டுப் பேரில் மூன்று பேரை அதிலிருந்து எடுக்கச் சொல்லிவிட்டார் செக்ரட்டரி சார். ஒரு கையில் விளக்கும் மறு கையில் தடியும் பிடித்த துறவி. வாளும் தராசும் ஏந்தி உட்கார்ந்திருக்கும் நீதி. சிறகு வைத்து, ஒரு குடத்திலிருந்து இன்னொரு குடத்துக்குத் தண்ணீர் ஊற்றும் நிதானம். ஊரில் யாருக்கும் இந்தப் படங்கள் தெரியாது என்பதால் அந்தச் சீட்டுகளைச் சங்க நூலகத்தில் ஒரு பலகையில் குத்தி, கீழே தமிழில் பெயர் எழுதி, ஒரு வாரம் வைத்தோம்.

சண்டை முதல் ஒத்திகையிலேயே தொடங்கியது.

"ஆட்டின் ராஜா நான்தான்," என்றார் செக்ரட்டரி சார். அவர் மீசை காலனிக்கே தெரிந்த மீசை.

"சார், ஆட்டின் ராஜாவுக்கு மீசை கிடையாது. நீங்க கிளாவர் ராஜா பண்ணுங்க. வாள் நேரா இருக்கும், கம்பீரமாவும் இருக்கும்."

"ராஜான்னா மீசை இருக்கும்மா."

"இவருக்கு இல்ல சார். பாருங்க." சீட்டை நீட்டினேன். பார்க்கவில்லை.

"யாரும்மா இவ்வளவு நுணுக்கமா பார்க்கப் போறாங்க?"

"பார்க்கறதுதானே சார் போட்டியே!"

"சரி சரி, பார்த்துக்கலாம்." இந்தப் "பார்த்துக்கலாம்" அடுத்த இரண்டு மாதமும் என் காதில் ஒலித்துக்கொண்டே இருந்தது.

மீசையை மறைக்கத் தோல் நிறத்தில் ஒரு பட்டை தைத்துக் கொடுத்தேன். தும்மல் வருகிறதென்று கழற்றி எறிந்தார். பிறகு நீதி. தபால் ஆபீஸில் வேலை பார்த்த பெண் அந்த வேஷம் போட்டாள். அவளுக்குக் கண்ணைக் கட்ட வேண்டும் என்று புதிதாகப் பிடித்துக்கொண்டார்.

"நீதி தேவதைக்குக் கண் கட்டாம எப்படி? கோர்ட்டுல போய்ப் பாரு."

"கோர்ட்டுல கட்டியிருக்கும் சார். இந்தச் சீட்டுல கட்டல. நேரா நம்மளப் பார்த்துக்கினு உட்கார்ந்திருக்கா."

பாண்டிச்சேரி அக்காவும் சொன்னார். அன்றைக்குச் செக்ரட்டரி சார் சரி என்றார். ஆண்டுவிழா அன்று மாலை நான் துறவியின் விளக்கைச் சரி செய்யப் போன ஐந்து நிமிடத்தில், தன் மகளின் கறுப்பு ரிப்பனை எடுத்து அந்தப் பெண்ணின் கண்ணில் கட்டிவிட்டார். நான் திரும்புவதற்குள் அவள் மேடையேறும் முறை வந்துவிட்டது. கையில் தராசும் வாளுமாக அவள் மேஜையில் இடித்துக்கொண்டு வந்து உட்கார்ந்ததைப் பார்த்தபோது எனக்கு அழுகையே வந்தது. அதற்கு முன்பே செக்ரட்டரி சார், வாளைத் தலைக்குப் பின்னால் பிடித்தபடி, மீசையை முறுக்கிக்கொண்டே மேடையைச் சுற்றி வந்தாகிவிட்டது.

மற்ற ஆறு பேரும் ஒழுங்காகச் செய்தார்கள். டைமன் ராஜா கழுத்து வலித்தும் கடைசிவரை பக்கவாட்டிலேயே நின்றார்.

விடைத்தாள்களைத் திருத்தியது நான். ஒரு தாளில் மட்டும் ஆறு விடை சரி. மீதி இரண்டுக்கும் விடைக்குப் பதிலாக வேறு எழுதியிருந்தது. முதலாம் எண்ணுக்கு நேரே, "இப்படி ஒரு ராஜா எந்தக் கட்டிலும் இல்லை." ஏழாம் எண்ணுக்கு நேரே, "நீதி மாதிரி இருக்கு, ஆனா போர்டுல இருந்த படத்துக்குக் கண்ணு கட்டலை." எழுதியவர் பம்மலில் தோல் பட்டறையில் வேலை பார்த்தவர், தங்கை வீட்டுக்கு ஒரு வாரம் வந்திருந்தார். முப்பது வயது இருக்கும்.

இவருக்குத்தான் பரிசு என்றேன். செக்ரட்டரி சார் தாளைப் பிடுங்கிப் பார்த்துவிட்டு, எட்டுக்கும் பெயர் எழுதியிருந்த ஒரு ஸ்டேஷன் மாஸ்டர் மனைவியை மேடைக்கு அழைத்துப் பரிசைக் கொடுத்துவிட்டார். அந்த அம்மாள் என்னிடம் பிறகு சொன்னது: "டைமன் ராஜாவ வேற நம்பருக்குப் போட்டாச்சு, மிச்ச ராஜாவுல ஆட்டின் ராஜாதான் ஞாபகத்துக்கு வந்தார். அதான் போட்டேன்."

பம்மல்காரர் எழுந்து நின்றார்.

"இன்னா சார் இது? வாளு தலைக்குப் பின்னாடி கீது, ஆட்டின் ராஜான்னா மீசை எப்டி சார் வரும்? மீசை கீற ராஜான்னா வாளு எதுக்கு அங்க போச்சு?"

கூட்டம் சிரித்தது. எனக்குப் பொறுக்கவில்லை. என் சீட்டுக்கட்டிலிருந்து நான்கு ராஜாக்களையும் எடுத்துக்கொண்டு மேடையேறி முன்வரிசைக்குக் காட்டினேன். செக்ரட்டரி சார் முதன்முறையாக அந்தச் சீட்டைப் பார்த்தார். கண்ணாடியைத் தூக்கிவிட்டு நன்றாகவே பார்த்தார்.

"இது பிரிண்டிங் மிஸ்டேக்," என்றார்.

சங்கத்துக் கட்டைக் கொண்டுவந்தார்கள். அதிலும் மீசை இல்லை. "அதே கம்பெனியா இருக்கும்." யாரோ வீட்டிலிருந்து மூன்றாவது கட்டைக் கொண்டுவந்தார்கள், அது வேறு கம்பெனி. "ஒருத்தனப் பார்த்து ஒருத்தன் காப்பி அடிச்சிருக்கான்," என்று சொல்லிவிட்டு நன்றியுரைக்குப் போய்விட்டார். நன்றியுரையில் உடைகளில் ஏற்பட்ட சிறு குறைகளைப் பொறுத்துக்கொள்ளும்படி கேட்டுக்கொண்டார். சிறு குறைகள்! உடைகளில்!

கூட்டம் கலைந்தபின் பலகையிலிருந்து டாரோ சீட்டுகளைக் கழற்றிக்கொண்டிருந்தேன். பம்மல்காரர் பக்கத்தில் வந்தார். பரிசைப் பற்றி ஏதாவது கேட்பார் என்று நினைத்து, மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன்.

"அது கெடக்கு வுடுக்கா. அந்தாளோட பேஜார். இந்தக் கட்ட முழுசாப் பாக்கலாமா?"

மீதிச் சீட்டுகளோடு பக்கத்தில் நின்ற பாண்டிச்சேரி அக்கா தலையசைத்தார். பம்மல்காரர் தரையில் உட்கார்ந்து ஒவ்வொன்றாக வைத்தார். கோப்பை, காசு, வாள், தடி என்று தானாகவே நான்கு வரிசை பிரித்தார். எண்ணிப் பார்த்துவிட்டு நிமிர்ந்தார்.

"அக்கா, நம்ம கட்டுல படம் மூணு பேரு. இங்க வரிசைக்கு நாலு பேரு கீறாங்களே. ராஜா, ராணி, இந்தப் பையன் ஜாக்கி. குதிர மேல குந்திகினு கீறானே, இவன் யாரு?"

"குதிரை வீரன்," என்றார் அக்கா. "இதுல அவனும் உண்டு."

"இந்த எலும்புக்கூடு சீட்டுல நம்பர் கீது, பேரு காணோமே?"

"அதுக்குப் பேர் எழுதமாட்டாங்க."

அவர் தலையாட்டிவிட்டு அடுத்த சீட்டை எடுத்தார். இரண்டு மாதமாகக் கத்திக்கொண்டிருந்த எனக்கு, படத்தைப் படமாகப் பார்க்கிற ஒரு மனிதன் கிடைத்தது அப்போதுதான். நானும் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டேன். மேடையில் நாற்காலிகளை அடுக்கச் சொல்லி செக்ரட்டரி சார் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். நான் எழுந்திருக்கவில்லை.