சந்தனம் வைத்த டாங்கிள்

ஆயுத பூஜை அன்றைக்குத்தான் எங்கள் டிசைன் சென்டரின் கம்ப்யூட்டரை முழுசாக அணைத்தேன். அதுவரை ஸ்லீப்பில் போட்டுவிட்டுத்தான் வீட்டுக்குப் போவேன். அப்படிச் சொல்லிக்கொடுத்தவள் என் சிநேகிதி. கல்யாணமாகிக் காஞ்சிபுரம் போவதற்கு முன் கடைசியாகச் சென்டருக்கு வந்த அன்று, "ஷட் டவுன் பண்ணாதடி, ஸ்லீப்ல வை, காலையில ஜல்தியா எழுந்துக்கும்" என்றாள். படிப்பு முடித்ததிலிருந்து ஒரே மேசையில் உட்கார்ந்து பட்டுப்புடவைக்கு பார்டரும் முந்தானையும் வரைந்தவர்கள் நாங்கள். அவள் சொல்லி நான் கேட்காமல் இருப்பேனா?

பூஜையன்று கீபோர்டு, மானிட்டர், யூபிஎஸ் எல்லாவற்றையும் துடைத்துச் சந்தனப் பொட்டு வைத்தேன். டாங்கிளுக்குக் கொஞ்சம் பெரிய பொட்டு. பென் டிரைவ் மாதிரிதான் இருக்கும், ஆனால் அதைச் செருகினால்தான் டிசைன் சாஃப்ட்வேர் திறக்கும். இருவரும் பாதிப் பாதி போட்டு வாங்கியது. போகும்போது, எனக்கு ஒன்றும் வேண்டாம், எல்லாம் நீயே வைத்துக்கொள் என்றாள். நான் அவளைக் கட்டிக்கொண்டு அழுதேன். இப்போது நினைத்தால் எரிச்சலாக வருகிறது.

அப்டேட் செய்து அணைக்கலாமா என்று திரை கேட்டது. நல்ல நாளாயிற்றே, செய்யட்டும் என்று அழுத்திவிட்டுக் கிளம்பினேன்.

மறுநாள் காலை நெசவுக்கார அண்ணன் வந்து வாசலில் நின்றார். முகூர்த்தப் புடவை ஒன்று, தறியில் உடல் நெய்து முடித்து முந்தானைக்காகக் காத்திருந்தது. நான் வரைந்து வைத்ததை சாஃப்ட்வேரில் தறிக்கு ஏற்ற ஃபைலாக மாற்றி பென் டிரைவில் கொடுத்தால் போதும். அன்றைக்குக் கொடுக்காவிட்டால் புடவை நேரத்துக்குப் போகாது, அந்த ஆர்டரும் அவர் கையை விட்டுப் போய்விடும்.

கம்ப்யூட்டர் எழவில்லை. நீலத் திரையில், ஒரு ஃபைலின் டிஜிட்டல் கையெழுத்தைச் சரிபார்க்க முடியவில்லை என்று இங்கிலீஷில் நின்றது. கீழே ஏதோ டிரைவர் ஃபைலின் பெயர், 0xc0000428 என்று ஒரு எண். என்டரைத் தட்டினால் மறுபடியும் அதே திரை. அண்ணன் மணி பார்த்துக்கொண்டே நின்றார். அவளுக்கு ஃபோன் போட்டு, சிஸ்டம் எழவே மாட்டேன் என்கிறது என்று மட்டும் சொன்னேன்.

"F8 அழுத்து. வர்ற லிஸ்ட்ல ஏழாம் நம்பரை அழுத்து. அவ்ளோதான்."

அழுத்தினேன். ஸ்டார்ட்அப் செட்டிங்ஸ் என்று ஒரு பட்டியல் வந்தது. அதில் ஏழாவது, டிரைவரின் கையெழுத்தைச் சோதிப்பதை நிறுத்துவது. அதைத் தட்டியதும் விண்டோஸ் சமத்தாக எழுந்துவிட்டது. ஃபைலை மாற்றிக் கொடுத்தேன், அண்ணன் வண்டியை முறுக்கிக்கொண்டு போனார். அவர் தெருமுனை திரும்பிய பிறகுதான் எனக்கு உறைத்தது. திரையில் என்ன எழுதியிருக்கிறது என்று அவள் கேட்கவே இல்லை.

அந்த ஃபைலின் பெயரை நெட்டில் தேடினேன். டாங்கிள் செருகாதபோதும் செருகியிருப்பதாக சாஃப்ட்வேரை ஏமாற்றும் திருட்டு டிரைவர் புரோகிராம். விண்டோஸ் எழும்போதே அதுவும் கூட ஏறும். முறையான கையெழுத்து கிடையாது, அதனால் விண்டோஸ் உள்ளே விடாது. ஏழை அழுத்தினால் அந்த ஒரு தடவைக்கு மட்டும் விடும், அடுத்த முறை மறுபடி தடுக்கும். அவளும் ஏழை அழுத்தித்தான் அதை ஏற்றியிருக்கிறாள். ஸ்லீப்பில் கிடக்கும்வரை விண்டோஸ் புதிதாக எழப்போவதில்லை, விஷயமும் வெளியே வராது. ஜல்தியாக எழுந்துகொள்ளுமாம். நன்றாக என் காதில் பூ சுற்றியிருக்கிறாள்.

டாங்கிளைப் பிடுங்கிவிட்டு சாஃப்ட்வேரைத் திறந்து பார்த்தேன். திறந்தது. கையிலிருந்ததை வெளிச்சத்தில் பிடித்தேன். அதே கறுப்பில் ஒரு செத்துப்போன பென் டிரைவ். போன வருடத்துச் சந்தனம் டாங்கிளின் இடுக்கில் காய்ந்து ஒட்டியிருந்ததே, அது இதில் இல்லை. நேற்று நான் வைத்த பெரிய பொட்டு மட்டும் இருந்தது.

மறுபடி ஃபோன் போட்டேன். டாங்கிள் எங்கே என்றேன்.

"உனக்குதான் அது இல்லாமலே ஓடிகினு இருக்குதேடி. இங்க நானும் டிசைன் கடை போட்டுக்கீறேன், எனக்கு வேணும்ல."

மன்னிப்பு என்ற வார்த்தை அவள் வாயில் வரவே இல்லை. நம்பவைத்துக் கழுத்தறுத்துவிட்டாயே என்றேன். வைத்துவிட்டாள்.

அந்த டிரைவரை எடுத்து எறிந்துவிட்டு ரீஸ்டார்ட் போட்டேன். இந்த முறை தடையில்லாமல் விண்டோஸ் எழுந்தது. சாஃப்ட்வேர்தான் டாங்கிள் இல்லை என்று சொல்லி மூடிக்கொண்டது. இனி வேறு டாங்கிள் வாங்கும்வரை எனக்குப் பிழைப்பில்லை.

கடைசியாக வந்த அன்று, கம்ப்யூட்டரைச் சுத்தம் பண்ணித் தருகிறேன் என்று மத்தியானம் முழுக்க அவள் தனியாக உட்கார்ந்திருந்தாள். நான் அப்போது தறிக்காரர் வீட்டில் இருந்தேன். அவளுக்குத் தெரியாமல் நானே முந்தானை வரைந்து நெய்யக் கொடுத்த அவளுடைய கல்யாணப் புடவையை வாங்கப் போயிருந்தேன். இன்றைக்கும் அவள் வாட்ஸப் படத்தில் அந்த முந்தானைதான் இருக்கிறது.