நடுவர் நாற்காலி

தஞ்சாவூர்ப் பக்கம் ஒரு கல்லூரியில், வரலாற்றுத் துறையில் நான் அலுவலக உதவியாளர். படித்தது ஐந்தாம் வகுப்பு. புதன்கிழமை மதியங்களில் இரண்டாம் ஆண்டுப் பிள்ளைகளுக்கு ஒரு மேடம் விவாத வகுப்பு எடுப்பார். பேசுகிறவருக்கு நேரம் முடிந்ததும் மேசையைத் தட்டுவது என் வேலை. தட்டிவிட்டு வாசலோரம் நின்றுகொள்வேன். உள்ளே ஒரு பெஞ்சில் உட்கார்ந்து கேட்க மாட்டோமா என்று இருக்கும்.

யார் எந்தப் பக்கம் என்பது சீட்டுக் குலுக்கித்தான் முடிவாகும். அன்றைக்குத் தலைப்பு, குறுவைப் பருவத்தில் நெல்லை விட்டு மாற்றுப் பயிருக்குப் போக வேண்டுமா என்பது. நெல் போடுகிற வீட்டுப் பையனுக்கு மாற்றுப் பயிர் விழுந்தது.

"எங்கப்பாவுக்குத் தெரிஞ்சா சோறு போட மாட்டாரு மேடம்."

"அவரு என்ன காரணம் சொல்வாரோ, அதுக்கு முதல்ல பதில் தேடு" என்றார் மேடம்.

நடுவராக வர வேண்டிய வேறு துறை ஆசிரியர் வரவில்லை. மேடம் என்னைப் பார்த்தார். "அண்ணே, நீங்க உக்காருங்க. விஷயம் தெரியாதவங்களுக்கும் புரியிற மாதிரி பேசுறாங்களான்னு பாக்கணும்."

ஐந்தாம் வகுப்புக்காரன் நடுவரா என்று இருந்தது. ஆனாலும் போய் உட்கார்ந்தேன்.

மேட்டூர்த் தண்ணீர் எப்போது வருமென்று தெரியாதபோது, அவ்வளவு தண்ணீர் கேட்கிற பயிரை ஏன் நம்ப வேண்டும் என்று கேட்டான் பையன். எதிரே பேசிய பெண், நெல்லென்றால் அரசாங்கக் கொள்முதல் நிலையம் எடுத்துக்கொள்ளும், மற்றதை யார் வாங்குவார் என்றாள். தண்ணீரைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

"யாருண்ணே ஜெயிச்சது?"

"நெல்லுதான் மேடம்."

"ஏன்?"

"நம்ம மண்ணு களிமண்ணு. மழை பேஞ்சா தண்ணி நிக்கும். வேற எது போட்டாலும் அழுகிப் போயிரும்."

நான் நெல்லென்று சொன்னதும் கைதட்டிய அந்தப் பெண்ணே எழுந்தாள். "அண்ணே, அதை நான் சொல்லவே இல்லையே. நீங்க எனக்குப் பதிலாப் பேசிட்டீங்க."

வகுப்பு சிரித்தது. மேடம் சிரிக்கவில்லை. "அவ சொல்றது சரி. நடுவர் தன் காரணத்தைச் சேக்கக் கூடாது. காதுல விழுந்ததை மட்டும் வெச்சு சொல்லுங்க."

எல்லாரும் காத்திருந்தார்கள். என் வாயிலிருந்து வரப்போகும் சொல்லுக்காக அத்தனை பேர் காத்திருந்தது அதற்கு முன்னால் நடந்ததில்லை.

"அப்படின்னா தம்பிதான். தண்ணி விஷயத்துக்கு இந்தப் பொண்ணு பதிலே சொல்லல."

"அடப்பாவி அண்ணே!" என்றாள் அவள், சிரித்துக்கொண்டே. பையன் மேசையில் தாளம் போட்டான்.

அடுத்த வருடம் மேடம் மாற்றலாகிப் போனார். இப்போது புதன்கிழமை மதியம் புதிதாக வந்தவர் குறிப்புச் சொல்கிறார், பிள்ளைகள் எழுதுகிறார்கள். மேசையைத் தட்ட ஆள் வேண்டாம். தண்ணீர்க் குடம் வைக்க உள்ளே போகும்போது கொஞ்சம் மெதுவாகவே நடக்கிறேன். யாராவது யாரையாவது ஏன் என்று கேட்பார்களா என்று காது கொடுக்கிறேன். என்னைக் கேட்க வேண்டுமென்றுகூட இல்லை. பேனாக்கள் ஓடுகிற சத்தம்தான். கதவைச் சாத்திக்கொண்டு வெளியே வருகிறேன்.