எழுபத்திரண்டு கிலோ

மிளகாய் காயப்போடும் களத்தை அவர் தனி ஆளாக உருவாக்கியவர். நாலாம் வகுப்பைத் தாண்டாதவர். படித்தவன் பேனாவைத் தேடுவதற்குள் மனசுக்குள்ளேயே கணக்கை முடித்துவிடுவார். அதில் அவருக்குக் கர்வம் உண்டு, இருக்க வேண்டியதுதான்.

அந்தத் தடவை ஆயிரம் கிலோ காயாத மிளகாய்ப் பழம் வந்து இறங்கியது. நூற்றுக்கு எழுபத்தைந்து பங்கு ஈரம். மாவு மில்லுக்குப் பத்து பங்கு ஈரத்துக்குக் காய வேண்டும்.

"எழுபத்தஞ்சுல பத்து போனா அறுபத்தஞ்சு. அறுபத்தஞ்சு பங்கு போகும், முந்நூத்தம்பது கிலோ நிக்கும். எழுதி வச்சுக்கோங்க!" என்றார் கூலியாட்களிடம்.

ஒன்பது நாள் வெயில். தராசில் ஏற்றினால் இருநூற்று எழுபத்தெட்டு. தராசைத் தட்டினார், மறுபடி நிறுத்தார். அதேதான்.

பகலும் இரவும் களத்தில் காவல் கிடந்தவர் அவருடைய தங்கை கணவர்.

"மாப்ள, எழுபத்திரண்டு கிலோ றெக்கை முளைச்சா பறந்துச்சு?" என்று ஏழு கூலியாட்கள் முன்னால் கேட்டார்.

மாப்பிள்ளை டார்ச் லைட்டை மூட்டை மேல் வைத்துவிட்டு நடந்தார்.

மறுவாரம் மில்லிலிருந்து ஈரமானியோடு ஒரு பெண் வந்தாள். கருவி பத்து காட்டியது.

"சரக்கு பிரமாதம் பெரியவரே."

"பிரமாதம் இருக்கட்டும்மா, எடை குறையுதே."

"எங்க குறையுது? ஆயிரத்துல தண்ணி எழுநூத்தம்பது, சதை இருநூத்தம்பது. சதை காயாது, அப்படியே இருக்கும். காஞ்சதுல பத்து பங்கு தண்ணின்னா, மிச்சம் தொண்ணூறு பங்குதான் அந்த இருநூத்தம்பது கிலோ. இருநூத்தம்பதைத் தொண்ணூறால வகுத்து நூறால பெருக்குங்க."

விரல்விட்டுப் போட்டுப் பார்த்தார். இருநூற்று எழுபத்தேழு சொச்சம். அந்தப் பத்து, காய்ந்த எடையில் பத்து. அவரோ ஆயிரத்தில் பத்தைப் பிடித்திருக்கிறார். ஆயிரத்துக்குப் போனது அறுபத்தைந்து பங்கு இல்லை, எழுபத்திரண்டு பங்குக்கும் மேல். ஒரு கிலோவும் களவு போகவில்லை. முகம் தொங்கிப்போனது.

அன்றைக்கே தங்கை வீட்டு வாசலில் போய் நின்றார். மூச்சு விடாமல் கணக்கை ஒப்பித்தார். மாப்பிள்ளை கயிறு முறுக்கிக்கொண்டே கேட்டார்.

"கணக்கு சரி மச்சான். அதை என்கிட்ட ஏன் சொல்றீங்க? நான் எடுக்கலைன்னு எனக்குத் தெரியும்."

"தப்பு என் மேலதான் மாப்ள. நாளைக்கு வந்துடுங்க."

உள்ளேயிருந்து தங்கை வந்தாள். "ஏழு பேர் முன்னாடி திருடன்னு ஆக்கின. அந்த ஏழு பேர்கிட்டயும் இப்படியே போய்ச் சொல்லுண்ணே. அப்புறம் இவர் வருவார்."

"இதோ, இப்பவே சொல்றேன்" என்று திரும்பினார்.

களம் காலியாகக் கிடந்தது. காயப்போடும் வேலை முடிந்துவிட்டதால், அவர் தங்கை வீட்டுக்குப் போன நேரத்தில் ஏழு பேரும் அடுத்த அறுவடையைத் தேடி ஆளுக்கொரு லாரியில் ஏறிப் போயிருந்தார்கள். எந்தப் பக்கம் என்று கேட்க ஆளில்லை. ஒன்பது நாளும் அவர் அவர்களை "ஏய், மூட்டை", "ஏய், கூடை" என்றுதான் கூப்பிட்டிருந்தார். ஒருவர் பெயரும் தெரியாது. வெறும் தரையில் நின்று, யாரை எங்கே போய்த் தேடுவது என்று விளங்காமல், அந்த வகுத்தலையே திரும்பத் திரும்பப் போட்டுக்கொண்டிருந்தார். ஒவ்வொரு தடவையும் சரியாகவே வந்தது.