எண்பது ரூபாய் டெபாசிட்

கும்மிடிப்பூண்டிக்கு வெளியே, கம்பெனிக்காரர்கள் குடியிருந்த வரிசை வீடுகளில் ஒன்றில் ரோசம்மாள் இருந்தாள். கணவன் மோசஸ் இரும்புப் பட்டறை ஒன்றில் வேலை செய்தான். ஒரே மகள் சலோமி. அவளுக்கு மாப்பிள்ளை பார்த்து, கோயிலில் ஓலை கூறிக் கல்யாணத்தை அறிவித்து, பந்தல்காரனுக்கு முன்பணம் கொடுத்த பிறகு, மாப்பிள்ளை வீட்டார் வேறு இடத்தில் கூடுதலாகக் கிடைக்கிறது என்று விலகிப் போனார்கள். அது எழுபத்து நான்காம் வருஷத் தொடக்கம், மழை முடிந்த சமயம்.

கல்யாணம் நின்றது. துணிகள் மட்டும் வீட்டில் நின்றன. வெள்ளைப் பட்டுச் சேலை, அதற்கேற்ற ரவிக்கை, தலையில் போடும் நெட், மெழுகுப்பூக் கிரீடம், மாப்பிள்ளைக்கு அளவெடுத்துத் தைத்த கோட்டும் பேண்டும். எல்லாம் வட்டிக்கு வாங்கிய பணம். மாப்பிள்ளையின் கோட்டைத் தொடக்கூட மோசஸுக்குப் பிடிக்கவில்லை. "எவன்னா கேட்டா குடுத்துத் தொலை, ஊட்டுல வேணாம்" என்று ஒரு நாள் சொன்னான், அதற்குப் பிறகு அந்தப் பேச்சையே எடுக்கவில்லை.

ரோசம்மாள் துணிகளை மூட்டை கட்டிக்கொண்டு ரயிலேறிப் பொன்னேரிக்குப் போனாள். அங்கே கடைவீதியில் குப்புராஜ் என்பவன் லாண்டரி வைத்திருந்தான். சலவையோடு, பழைய கோட்டு, பட்டுச் சேலை வாங்கி விற்பதும் வாடகைக்கு விடுவதும் அவனுக்கு வேலை. அவன் சேலையை வெளிச்சத்தில் விரித்துப் பார்த்தான். கோட்டின் உள்பக்கத்தைத் திருப்பி, தையலுக்கு உள்ளே எவ்வளவு துணி மடித்து விட்டிருக்கிறது என்று விரலால் தடவினான். பிரிச்சுத் தைக்க இடம் இருந்தால்தான் கோட்டு நாலு பேருக்கு ஆகும், இல்லையென்றால் ஒரே ஒரு உடம்புக்குத்தான் என்றான். நல்லவேளை, இடம் இருந்தது.

நானூற்று நாற்பது ரூபாய்க்கு வாங்கியதற்கு அவன் நூற்று முப்பது சொன்னான். ஒருவரும் உடுத்தாத துணி என்று ரோசம்மாள் மன்றாடினாள்.

"உடுத்தலன்னு உனக்குத் தெரியும், எனக்குத் தெரியும். வாங்கறவனுக்கு இன்னாம்மா தெரியும்? கடைய விட்டு வெளிய வந்துட்டா பழசுதான்."

அவள் மூட்டையைத் திரும்பக் கட்டுவதைப் பார்த்து அவனே வேறொரு வழியைச் சொன்னான். அவனுக்கு அதில் லாபம் ஒன்றும் இல்லை. விற்றால் ஒரே தடவை நூற்று முப்பது. வாடகைக்கு விட்டால் ஒவ்வொரு தடவையும் இருபது ரூபாய் வரும். அதில் பெட்ரோல் வாஷ், இஸ்திரி, கோட்டைப் பிடிக்கவும் தளர்த்தவும் தையல் கூலி என்று ஐந்து போகும். ஒன்பது கல்யாணம் தாண்டினால் விற்ற பணத்துக்கு மேல் கையில் நிற்கும். ஆனால் பதினைந்துக்கு மேல் போனால் அக்குளும் கரையும் போய்விடும், பிறகு விற்றாலும் ஒன்றும் வராது. ஈஸ்டருக்கு முந்திய லெந்து நோன்பு நாட்களில் யாரும் கல்யாணம் வைக்க மாட்டார்கள், கிறிஸ்துமஸுக்கு முந்திய வாரங்களிலும் அப்படியே. அதையும் கணக்கில் வைத்துக்கொள் என்றான்.

டெபாசிட்டைப் பற்றித்தான் அவன் அதிகமாகப் பேசினான். வாங்கின விலையைக் கேட்டால் ஏழைபாழை வர மாட்டான். பத்து இருபது கேட்டால் துணி திரும்பி வராது. பழைய துணிக் கடையில் இன்றைக்கு என்ன விலை போகுமோ, அதில் பாதிக்கு மேலே வை, திருப்பித் தர மனசு வரும். துணியைக் கையில் கொடுக்கிற அன்றைக்கு வாங்கு, திரும்பி வந்த அன்றைக்கே கொடு.

"அத தனியா ஒரு டப்பால போட்டு வை. அது உன் துட்டு இல்ல."

வீட்டில் மூவரும் உட்கார்ந்து பேசினார்கள். மோசஸ் விற்றுவிடலாம் என்றான். நின்றுபோன கல்யாணத்துத் துணி என்று தெரிந்தால் ஊரார் தொட மாட்டார்கள் என்று ரோசம்மாள் பயந்தாள். சலோமிதான் முடிவெடுத்தாள். அவள் குரலில் அழுகை இல்லை. வாடகை இருபது, டெபாசிட் எண்பது என்றாள். நெட்டைக் குத்தி, சேலை கட்டிவிட்டு வருவதை நானே செய்கிறேன், அதற்குத் தனியாகக் கேட்க வேண்டாம் என்றும் சொன்னாள். தனக்குக் கட்டவேண்டிய சேலையை வேறொருத்திக்குக் கட்டிவிட அவளால் எப்படி முடியும் என்று தாய்க்குப் புரியவில்லை. கேட்கவும் தைரியம் வரவில்லை.

முதல் கல்யாணங்கள் நன்றாகவே போயின. புதிதாகக் கம்பெனியில் சேர்ந்த பையன்கள் கோட்டுப் போட்டுப் போட்டோ எடுக்க ஆசைப்பட்டார்கள். பெண் வீட்டாருக்கோ வெள்ளைப் பட்டு வாங்க வழியில்லை. துணி எங்கிருந்து வந்தது என்று யாரும் விசாரிக்கவில்லை. சலோமி விடியற்காலையில் கல்யாண வீட்டுக்குப் போய்ப் பெண்ணைத் தயார் செய்துவிட்டு, மாலையில் திரும்புவாள். மறுநாள் கல்யாண வீட்டார் துணியைக் கொண்டுவந்து கொடுப்பார்கள். பழைய பவுடர் டப்பா ஒன்றில் டெபாசிட்டைப் போட்டு வைத்து, அதைத் தொடாமல் எண்ணிக் கொடுத்தாள் ரோசம்மாள். ஒருவரும் ஏமாற்றவில்லை. வட்டிக்காரன் கொஞ்சம் அடங்கினான்.

அடுத்த வருஷம், பொங்கல் முடிந்ததும் பட்டறையில் லாக்-அவுட் வந்தது. கேட்டில் பூட்டுத் தொங்கியது. மோசஸ் காலையில் போய் மற்றவர்களோடு வெளியே உட்கார்ந்துவிட்டு மதியம் வெறுங்கையோடு வருவான். அரிசிக் கடையில் கடன் நின்றது. ஒரு நாள் வட்டிக்காரன் வாசலில் நின்று அக்கம்பக்கத்தாருக்குக் கேட்கும்படி பேசினான். ரோசம்மாள் உள்ளே போய் டப்பாவைத் திறந்தாள். அடுத்த ஞாயிற்றுக்கிழமைக்குள் போட்டுவிடலாம் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு எடுத்துக் கொடுத்தாள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை போட ஒன்றும் இல்லை. துணி திரும்பி வந்தது. அதே சமயம் வேறொரு வீட்டார் தேதி குறித்துப் பேச வந்திருந்தார்கள். அவர்களிடம், இனிமேல் டெபாசிட்டைப் பேசும்போதே கொடுத்துவிட வேண்டும், நிறையப் பேர் கேட்கிறார்கள் என்றாள். அவர்கள் கொடுத்த எண்பதை எடுத்து முந்தினவர்களுக்குக் கொடுத்தாள். அது சுலபமாக இருந்தது. அதற்கப்புறம் ஒவ்வொரு வீட்டின் பணமும் அதற்கு முந்திய வீட்டுக்குப் போனது. சலோமிக்கு இது தெரியாது. டப்பாவைத் தாய்தான் பார்த்துக்கொண்டாள். டப்பா மட்டும் அலமாரியில் அதே இடத்தில் இருந்தது.

லெந்துக்கு முந்தின கடைசிக் கல்யாணம் தாவீதின் மகளுடையது. தாவீது மோசஸோடு ஒரே ஷிப்டில் இருந்தவன். பூட்டின கேட்டுக்கு வெளியே அவனும் உட்கார்ந்திருந்தான். கல்யாணத்தைத் தள்ளிப்போட்டால் கைநழுவிவிடும் என்று நடத்தினான். டெபாசிட் பணத்துக்கு வழியில்லாமல் மாப்பிள்ளையின் சித்தப்பாவிடமே கைமாற்று வாங்கிவந்து கொடுத்தான். ரோசம்மாள் அதை வாங்கி, அன்று மாலையே முந்தின வீட்டாருக்குக் கொடுத்துவிட்டாள்.

கல்யாணத்துக்கு மறுநாள் தாவீது துணிகளைக் கொண்டுவந்தான். சேலையை நன்றாக மடித்திருந்தான். கோட்டில் ஒரு கறைகூட இல்லை. ரோசம்மாள் அவனுக்கு டீ கொடுத்து வெள்ளிக்கிழமை வரச் சொன்னாள். வெள்ளிக்கிழமை வந்தான். மோசஸ் ஊருக்குப் போயிருக்கிறான், சாவி அவனிடம் இருக்கிறது என்று ஏதோ சொன்னாள். லெந்து ஆரம்பித்துவிட்டது. துணியைக் கேட்டு யாரும் வரவில்லை. இனி ஈஸ்டர் வரைக்கும் வரவும் மாட்டார்கள்.

மூன்றாவது தடவை வந்தபோது தாவீது வாசலிலேயே நின்றான். மோசஸ் உள்ளே இருந்தான். தாவீது குரலை உயர்த்தவில்லை.

"அக்கா, துணில எதுனா கொறையா? இருந்தா சொல்லு, கழிச்சிக்க. அந்தத் துட்டு சம்பந்தி ஊட்டுது. என் பொண்ணப் பேசறாங்க. வாடகச் சேலைக்குக்கூட எங்க துட்டுதான்னு சொல்லிக்காட்டறாங்களாம்."

 கறை இருந்தது என்று சொல்லிவிடலாம் என்று ரோசம்மாள் ஒரு கணம் நினைத்தாள், சொல்ல வாயும் எடுத்தாள். சலோமி உள்ளேயிருந்து வந்து, கறை எதுவும் இல்லை, நான்தான் பிரித்துப் பார்த்தேன் என்றாள். அலமாரியிலிருந்து டப்பாவை எடுத்துத் திறந்தாள். அதில் சில்லறைகூட இல்லை. தாவீது அதைப் பார்த்தான். திரும்பிப் போய்விட்டான்.

மோசஸ் மனைவியைத் திட்டவில்லை. துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போனான். சலோமிதான் பேசினாள்.

"எத்தினி ஊட்டுத் துட்டும்மா?"

ரோசம்மாள் சொன்னாள். சொல்லும்போதே அது எத்தனை வீடு என்று அவளுக்கே முதல் தடவையாகப் புரிந்தது. வட்டிக்காரன் பேசினதைச் சொன்னாள், அரிசியைச் சொன்னாள்.  சலோமி துணிகளை மூட்டை கட்டினாள்.

பொன்னேரியில் குப்புராஜ் இந்தத் தடவை சேலையை வெளிச்சத்துக்குக் கொண்டுபோகவில்லை. ரவிக்கையின் அக்குள் மஞ்சளாகியிருந்தது, சேலையின் கரை நைந்திருந்தது, கோட்டின் உள்துணி பலதடவை பிரித்துத் தைத்ததில் கிழிந்திருந்தது. எல்லாம் சேர்த்து ஐம்பது ரூபாய் என்றான். பக்கத்தில் நின்ற ரோசம்மாள், போன வருஷம் நூற்று முப்பது சொன்னாயே என்றாள். அவன் அவளைப் பார்க்கவில்லை. சலோமியைப் பார்த்து, நெட் குத்தத் தெரியுமாமே, என் துணி வாடகைக்குப் போகிற வீடுகளுக்கு நீயே போய்க் கட்டிவிடு, கல்யாணத்துக்கு மூன்று ரூபாய் தருகிறேன் என்றான். சலோமி சரி என்றாள்.

அன்றே ஐம்பது ரூபாயைத் தாவீதிடம் கொடுத்தார்கள். மீதி முப்பதுக்குத் தவணை கேட்டார்கள். அவன் வாங்கிக்கொண்டு தலையாட்டினான். ஆனால் சம்பந்தி வீட்டுக்கு முழுப் பணமும் போய்ச் சேர்வதற்குள் அவன் மகளை, அப்பாவிடம் வாங்கிக்கொண்டு வா என்று அனுப்பிவிட்டார்கள். அது எண்பது ரூபாய்க்காக மட்டும் இருக்காது, வேறு மனத்தாங்கலும் இருந்திருக்கும் என்று வீதியில் பேசிக்கொண்டார்கள். ரோசம்மாள் அந்தப் பேச்சை ஆவலோடு கேட்டாள். யாராவது அதை இன்னும் உறுதியாகச் சொல்ல மாட்டார்களா என்று இருந்தது அவளுக்கு.

ஈஸ்டருக்குப் பிறகு சலோமி கல்யாண வீடுகளுக்குப் போனாள். அந்த வெள்ளைச் சேலையையும் சிலமுறை கட்டிவிட்டாள். குப்புராஜ் கரையை மடித்துத் தைத்து, பதினைந்து ரூபாய் வாடகைக்கு விட்டிருந்தான். அவள் கொண்டுவந்த மும்மூன்று ரூபாய்களில் தாவீதின் முப்பது தீர்ந்தது. முழுப் பணம் கொடுத்த பிறகும் மாப்பிள்ளை மனைவியை அழைத்துப் போக வரவில்லை. தாயும் மகளும் ஒரே வீட்டில் இருந்தார்கள், சாப்பிட்டார்கள், வேலை சொன்னார்கள். அதற்கு மேல் பேச்சு இல்லை. பட்டறை திறந்தபோது மோசஸைத் திரும்ப எடுத்துக்கொள்ளவில்லை. அவன் செங்கல் சூளைக்குக் கூலியாகப் போனான்.

அப்பமும் ரசமும் வாங்கும் திருவிருந்து ஆராதனை நடந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை, ரோசம்மாளுக்கு முன்வரிசையில் தாவீதின் மகள் உட்கார்ந்திருந்தாள். நூல் சேலை, தலையில் முக்காடு, வயிறு லேசாக மேடிட்டிருந்தது. பிறருக்குச் செய்த குற்றத்தை மனசில் வைத்துக்கொண்டு யாரும் பந்திக்கு வர வேண்டாம் என்று போதகர் வழக்கம்போல வாசித்தார். பெண்கள் வரிசை வரிசையாக எழுந்து பீடத்தை நோக்கிப் போனார்கள். அவளும் கையை ஊன்றி மெதுவாக எழுந்து போனாள். பக்கத்தில் இருந்தவள் ரோசம்மாளின் முழங்கையைத் தொட்டு, வரவில்லையா என்று கேட்டாள். ரோசம்மாள் வழிவிட்டுக் காலை மடக்கிக்கொண்டாள். எழுந்து போகவில்லை.