கனமான பவுடர் டப்பா

இரண்டாம் வகுப்பு டீச்சர், பிள்ளைகளுக்குக் காசுக் கணக்கு சொல்லித்தர பெஞ்சில் கடை போட்டிருந்தார். எல்லாம் காலி டப்பாக்கள். குழந்தைப் பவுடர் மட்டும் வீட்டில் கண்ணில் படவே வேண்டாமென்று கொண்டுவந்தது.

ஒரு சிறுமி அட்டையில் செய்த இருபது ரூபாய் நோட்டை நீட்டி, பதினைந்து ரூபாய்ப் பவுடரை எடுத்தாள்.

"பதினாறு, பதினேழு, பதினெட்டு, பத்தொம்போது, இருபது" என்று டீச்சர் ஒவ்வொரு ரூபாய்க் காசாக மீதியை எண்ணிக் கொடுத்தார்.

"டீச்சர், இது மட்டும் ஏன் கனக்குது?"

"பிரிக்கவே இல்லம்மா."

"உங்க பாப்பாவுக்குப் போடலையா?"

"பாப்பா பொறந்தன்னிக்கே போயிடுச்சு கண்ணு."

சிறுமி டப்பாவைத் திரும்ப வைத்தாள். காசையும் டீச்சர் கையில் திணித்தாள். "மீதியும் நீங்களே வச்சுக்கோங்க டீச்சர்."

கணக்கு தப்பென்று டீச்சர் திருத்தவில்லை. பிள்ளைகள் பார்க்கிறார்களே என்றுகூடத் தோன்றாமல் அழுதார்.