பைலி அளந்த இரண்டரை மீட்டர்

கேரளத்துப் பாலா ஊரில் சாவு வீட்டுக்குப் படம் எடுக்கப் பைலியைத்தான் கூப்பிடுவார்கள். கல்யாணத்துக்கு அவரைக் கூப்பிட்டவர்கள் குறைவு. மணமக்களைச் சிரிக்க வைக்கத் தெரியாத முகம் அவருக்கு. ஆனால் சவப்பெட்டியைச் சுற்றிக் குடும்பத்தை நிறுத்தி, யார் தலைமாட்டில், யார் கால்மாட்டில் என்று சத்தம் போடாமல் ஒழுங்கு செய்ய அவரைப் போல ஆள் கிடையாது. இறந்தவர் மேல் ஃபிளாஷ் அடிக்க மாட்டார். "உறங்குறவங்க கண்ணுல யாராச்சும் டார்ச் அடிப்பாங்களா?" என்பார். நாற்பது வருடம் அப்படித்தான்.

நான் தமிழ்நாட்டுக் கம்பத்திலிருந்து வந்து இங்கே கலர் லேப் வைத்து இருபத்தாறு வருடம் ஆகிறது. அவர் படங்கள் எல்லாம் என் கையில்தான் பிரிண்ட் ஆகும். அவரோடு சண்டை போடாத மாதமில்லை. கறுப்பு சரியில்லை, முகம் மஞ்சளடிக்கிறது என்று வாசலிலேயே ஆரம்பிப்பார். எனக்கும் வாய் சும்மா இருக்காது.

போன ஜூன் மாதம், சனிக்கிழமை காலை ஒன்பது மணி. மழை கொட்டுகிறது. பைலி காமிராப் பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு கடைக்குள் வந்தார். சண்டைக்கு வந்த முகமாக இல்லை.

"அண்ணாச்சி, இது ஃபோகஸ் எடுக்கல."

"என்ன பண்ணீங்க?"

"ஒண்ணும் பண்ணல. நேத்து சாயங்காலம் காமிராவோட சாஃப்ட்வேருக்குப் புது அப்டேட் வந்திருக்குன்னு காட்டுச்சு. போட்டேன்."

"வேலைக்கு முந்தின நாள் எவனாவது அதப் போடுவானா? ஓடுற வண்டியில இஞ்சினைக் கழட்டுவீங்களா சேட்டா?"

அவர் தலையைக் குனிந்து காமிராவை என் பக்கம் தள்ளினார். அதில்தான் எனக்குப் பயம் வந்தது.

மதியம் இரண்டு மணிக்கு, இறந்துபோன பள்ளி வாத்தியார் ஔசேப்பு மாஷுக்கு அடக்கம்; படம் பைலிதான். மாஷின் ஒரே மகள் ஜெஸ்னா அயர்லாந்தில் நர்ஸ். ஆறு வருடமாக வர முடியாதவள், அன்று பகல் நெடும்பாசேரி விமான நிலையத்தில் இறங்கி நேராக வீட்டுக்கு வருகிறாள். அவளும் அப்பாவும் அம்மாவும் ஒன்றாக இருக்கும் படம் என்று இனி எடுக்க முடிவது அந்த ஒரு மணி நேரத்தில் மட்டும்தான்.

காமிரா நல்ல கம்பெனியுடையது. லென்ஸ் வேறு கம்பெனி, பாதி விலை என்று வாங்கியது. பைலியிடம் இருந்ததும் அந்த ஒன்றே. பட்டனை அழுத்தினால் லென்ஸ் முன்னும் பின்னும் ஒருமுறை ஓடிவிட்டு நின்றுவிடும். சில சமயம் 'லென்ஸைச் சரியாகப் பொருத்தவும்' என்று திரையில் எழுத்து வரும்.

லென்ஸைக் கழற்றி, பின்பக்கம் இருக்கும் செப்புப் புள்ளிகளை உலர்ந்த மென்துணியால் துடைத்தேன். மாட்டினேன். அதே கதை. காமிராவின் அமைப்புகளை முதலிலிருந்து போட்டேன். அதே கதை. கடையில் இருக்கும் லென்ஸை மாட்டிப் பார்க்கலாமென்றால், அதுவும் அதே காமிராக் கம்பெனிதான், ஆனால் உள்ளே கண்ணாடி வைத்த பழைய மாடல் காமிராவுக்கானது. லென்ஸ் மாட்டும் வாயின் அளவே வேறு. உட்காரவே இல்லை.

பக்கத்து ராமபுரத்தில் படம் எடுக்கும் ஜின்சுக்குப் போன் போட்டேன். அவனிடமும் இதே காமிரா, இதே லென்ஸ். "எனக்கு நல்லா ஓடுதே, நான் எதையும் அப்டேட் பண்ணலையே" என்றான். காமிராவையும் லென்ஸையும் இரவல் கேட்டேன். எர்ணாகுளத்தில் கல்யாண வேலையில் இருக்கிறானாம். அவன் லென்ஸை மட்டும் வாங்கி வந்தாலும் இந்தக் காமிராவில் அதுவும் முடங்கத்தான் போகிறது.

லென்ஸ் கம்பெனியின் இணையப் பக்கத்தைத் திறந்தேன். எந்தக் காமிராவோடு எது ஒத்துப்போகும் என்று நீளமான பட்டியல். நம் காமிராவுக்கு நேராகச் சரிக்குறி இருந்தது. பைலியும் வாங்கும்போது அதைப் பார்த்துத்தான் வாங்கினாராம். சரிக்குறிக்குக் கீழே சின்ன எழுத்தில் இன்று வேறொன்று இருந்தது: காமிராவின் புதிய பதிப்பில் ஆட்டோஃபோகஸ் வேலை செய்யாமல் போகலாம், லென்ஸுக்கான திருத்தம் தயாராகிறது, அதுவரை காமிராவைப் புதுப்பிக்க வேண்டாம். போட்ட பதிப்பிலிருந்து பழையதற்குத் திரும்பவும் காமிராக் கம்பெனி வழி வைக்கவில்லை.

"விடுங்க சேட்டா. வளையத்தைக் கையால திருப்பினா ஃபோகஸ் ஆகுது. முப்பது வருஷம் கையாலதானே எடுத்தீங்க? என்னை ஒண்ணு எடுங்க" என்று கடை விளக்கின் கீழ் நின்றேன்.

எடுத்தார். கணினியில் பெரிதாக்கிப் பார்த்தேன். என் பின்னால் தொங்கிய காலண்டர் தெளிவாக இருந்தது. நான் கலங்கிய குட்டையாக இருந்தேன். இன்னொன்று எடுக்கச் சொன்னேன். மூன்றாவதும் எடுத்தார். எனக்குக் கோபம் வந்தது. "தூக்கக் கலக்கமா? பெருசாக்கிப் பார்த்துத் திருப்புங்கய்யா!" என்று கத்திவிட்டேன்.

பைலி ஸ்டூலில் உட்கார்ந்தார். "பெருசாக்கினாலும் எனக்குத் தெரியல அண்ணாச்சி. கண்ணுல பிரஷராம். வலது கண்ணு போய் ரெண்டு வருஷமாச்சு. இடதும் பாதிதான். ஆளுங்க முகத்தை காமிராவே கண்டுபிடிச்சு வச்சிடும். நான் எங்க நிக்கணும், எப்ப அமுக்கணும்னு மட்டும் பாத்துக்கிட்டேன்."

இரண்டு வருடப் படங்களை நான்தான் பிரிண்ட் போட்டேன். ஒன்றிலும் எனக்குச் சந்தேகம் வரவில்லை. இந்த இரண்டு வருடமும் அவர் மஞ்சள், கறுப்பு என்று சண்டை போட்டதெல்லாம் எதை மறைக்க என்று அப்போதுதான் உறைத்தது.

"நீங்களே எடுங்க" என்றார்.

"எனக்கு ஆளுங்களை நிறுத்தத் தெரியாது. சாவு வீட்டுல நான் அழுதுடுவேன்."

அதன் பிறகு இருவரும் வேலை பார்த்தோம். சுவரில் ஒரு செய்தித்தாளை ஒட்டினேன். பிரிண்ட் பொட்டலம் கட்டும் நூலில் இரண்டரை மீட்டர் அளந்து, ஒரு முனையைக் காமிராவில் கட்டி, மறுமுனையை எழுத்தின் மேல் வைத்து, நானே வளையத்தைத் திருப்பி எழுத்தைக் கூர்மையாக்கினேன். அசையாமலிருக்க ஃபோகஸ் வளையத்துக்கும் ஜூம் வளையத்துக்கும் டேப் ஒட்டினேன். காமிராவை அணைத்தால் லென்ஸ் அந்த இடத்தை மறந்துவிடும். அதனால் தானாக அணைவதை எடுத்துவிட்டு, முழு சார்ஜ் ஏற்றிய பேட்டரியை முதலிலேயே போட்டுக்கொண்டோம். நூலின் தூரத்தில் யார் நின்றாலும் தெளிவு. முன்பின் அரை மீட்டர் தாங்கும்.

"கூட்டத்துல நூல் பிடிக்கணுமே. எல்லாரும் பாப்பாங்களே" என்றார் பைலி.

நான் நூலைக் காமிராவில் சுற்றிவைத்தேன். கத்தியவனுக்கு ஆறுதல் சொல்ல என்ன அருகதை?

மாஷ் வீட்டுக்கு நானும் கூடப் போய் வாசலோரம் நின்றேன். ஒரு மணிக்கு ஜெஸ்னா வந்து இறங்கினாள். அவள் அழுது முடிக்கும்வரை பைலி மூலையில் நின்றார். பிறகு வழக்கம்போல மெதுவாக எல்லோரையும் நிறுத்தினார். மாஷின் மனைவி தலைமாட்டில், மகள் பக்கத்தில். நூலை எடுத்தவுடன் ஒரு உறவுக்காரர், "என்ன பைலி, அளந்து துணி தைக்கப் போறியா?" என்றார்.

பைலி அவரைத் திரும்பிப் பார்க்கவில்லை. ஜெஸ்னாவிடம் நூல் முனையை நீட்டினார். எண்பது பேர் கேட்க, நடுங்காத குரலில் சொன்னார்: "மோளே, எனக்குக் கண்ணு தெரியாது. காமிராவுக்கும் இன்னிக்குத் தெரியாது. இதை அப்பச்சன் நெஞ்சுல வச்சுப் பிடி. நூல் விறைப்பா ஆனதும் சொல்லு."

ஜெஸ்னா நூலை வாங்கி அப்பாவின் நெஞ்சில் வைத்தாள். பைலி ஓரடி பின்னால் போனார். "போதும் சேட்டா" என்றாள். அவள் நூலை விட்டதும் அவர் அழுத்தினார்.

பெட்டியை மூடுமுன் கொடுக்கும் கடைசி முத்தத்துக்கும் அப்படித்தான். அம்மா குனிந்தபோது நூலைப் பிடித்தது ஜெஸ்னாவே.

அவளுக்கு விடுப்பு நான்கு நாள்தான். திங்களன்று கடைக்கு வந்தாள். பைலியும் இருந்தார். பிரிண்டை அவளிடம் கொடுத்தேன். ஒவ்வொரு முகமும் துலக்கமாக இருந்தது. அவள் சத்தமில்லாமல் அழுதாள்.

பைலி கையை நீட்டிப் படத்தை வாங்கினார். மூக்கருகே கொண்டுபோனார், தள்ளிப் பிடித்தார், திருப்பி வெளிச்சத்தில் சாய்த்தார். இரண்டு வருடமாக என் முன்னால் நடித்த நடிப்பை அன்று நடிக்கவில்லை. "என்னா இருக்கு இதுல?" என்று கேட்டார்.

ஜெஸ்னா அவர் ஆட்காட்டி விரலைப் பிடித்துப் படத்தின் மேல் வைத்தாள்.

"இது அப்பச்சன். இது அம்மச்சி, அழலை, அப்பச்சனையே பாத்துட்டிருக்காங்க. இது நான்."

"கண்ணு தெரியுதா மோளே, மூணு பேருக்கும்?"

"அப்பச்சன் கண்ணு மூடியிருக்கு சேட்டா. எங்க ரெண்டு பேருக்கும் தெரியுது."