மூன்று நேரத்துக்கும் ஓம்

எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். நோர்வேயின் வடக்கே ஹம்மர்பெஸ்டில் மீன் வெட்டி, பிறகு ஒஸ்லோ வந்து துப்புரவு வேலையில் சேர்ந்தேன். நோர்வேஜிய மொழி கொஞ்சம் ஓடும் என்பதால் எங்கள் குழுவுக்கு என்னைப் பொறுப்பாக்கினார்கள்.

புதிய வேலை இடங்களைப் பிரிக்கக் கூட்டம் வைக்கும்படி மேலாளர் சொன்னார். வாட்ஸப் குழுவில் வாக்கெடுப்புப் போட்டேன். செவ்வாய், புதன், வியாழன், எல்லாம் பின்னேரம். ‘வரக்கூடிய நேரங்களை மட்டும் அழுத்துங்கோ. வெள்ளி மத்தியானத்தோட முடிவு’ என்று கீழே எழுதினேன்.

எங்களோடு வேலை செய்யும், ஒஸ்லோவின் ரொம்சோஸ் பகுதியில் இருக்கும் அக்கா ஒருவர் முதல் ஆளாக மூன்றுக்கும் ‘ஓம், வரலாம்’ என்று அழுத்தியிருந்தார். அவருடைய கணவருக்குத் திங்கள், புதன், வெள்ளிகளில் பின்னேர டயாலிசிஸ். முடிந்ததும் தலை சுற்றும். அக்கா கூட்டிவந்தால்தான் வீடு சேருவார். அதனால் புதிய இடங்களில் ஒன்றான ரொம்சோஸ் பள்ளிக்கூடத்தின் காலை வேலை அவருக்குக் கட்டாயம் வேண்டும். இதெல்லாம் எனக்குத் தெரியும். யாருக்கும் ‘ஏலாது’ என்று சொல்லக் கூச்சப்படுகிறவர் என்பதும் தெரியும்.

வெள்ளி காலை செவ்வாயும் புதனும் சமமாக நின்றன. நான் மட்டும் பாக்கி. செவ்வாய் தூரத்து ஊரான ஸ்தவாங்கரில் ஒரு சமையலறை வேலை கேட்டுப் போக நினைத்திருந்தேன். எனக்கு ஓரிடத்தில் கால் நிற்காது. புதனை அழுத்தினேன். அக்காவும் புதனுக்கு ஓம் போட்டிருக்கிறாரே என்று மனதைச் சமாளித்தேன்.

மத்தியானம் முடிவை அறிவித்த பிறகு அக்கா அழைத்தார்.

“தம்பி, புதன் அவருக்கு ஆஸ்பத்திரி எல்லோ?”

“நீங்கள்தானே அக்கா ஓம் போட்டனீங்கள்?”

“எல்லாத்துக்கும் போட்டனான். மற்றாக்களுக்குத் தோதா வரட்டும் எண்டு. உங்களுக்குத் தெரியுந்தானே, பாத்துச் செய்வியள் எண்டு நினைச்சன்.”

“நேரம் முடிஞ்சுது அக்கா. இனி மாத்தினா மற்றாக்கள் சண்டைக்கு வருவினம்.”

ஒருவரும் வந்திருக்க மாட்டார்கள். குழுவில் ஒரு வரி எழுதினால் போதும். ஆனால் ஸ்தவாங்கர் பஸ்ஸுக்கு ஏற்கெனவே இடம் பிடித்துவிட்டேன்.

புதன் கூட்டத்துக்கு அக்காவால் வர முடியவில்லை. வந்திருந்தவர்கள் முதலில் தெரிவு செய்தார்கள். பள்ளிக்கூடம் இன்னொருவருக்குப் போனது. அக்காவுக்காக நான் வாய் திறந்தபோது, “வராத ஆளுக்கு என்னெண்டு குடுக்கிறது? மூண்டு நாளும் ஏலுமெண்டு சொன்னவா” என்றார் அதை எடுத்தவர். அந்த வாக்கு வாட்ஸப் குழுவில் எல்லோருக்கும் தெரியும்படி இருந்தது. அக்காவுக்கு மிஞ்சியது நகர்நடுவில் ஒரு அலுவலகத்தின் மாலை வேலை.

ஸ்தவாங்கர் வேலை கிடைக்கவில்லை. என் காலை இடத்தைத் தருகிறேன், மாற்றிக்கொள்வோம் என்று அக்காவிடம் போய்க் கேட்டேன்.

“வேண்டாம் தம்பி. பிறகு உங்களை ஆக்கள் கதைப்பினம். நான்தானே ஓம் போட்டனான்” என்று சிரித்தார். தேத்தண்ணியும் தந்தார். அதைக் குடிப்பது எனக்குக் கடினமாக இருந்தது.

இப்போது திங்கள், புதன், வெள்ளிகளில் அவருடைய கணவர் ஆஸ்பத்திரி வாசலில் தனியாக டாக்ஸிக்குக் காத்து நிற்கிறார். முடிகிற நாட்களில் அவரைக் கூட்டிவர நான் போகிறேன். போகாத நாட்கள்தான் அதிகம்.